தனிநபர் அலைவரிசைக்கான உள்ளடக்க வார நாட்காட்டி

உள்ளடக்க வார நாட்காட்டி என்பது ஓர் இணைய அலைவரிசையில் எந்தக் காணொளி எந்த நாளில் வெளிவரும் என்பதையும், அதற்கான ஒவ்வொரு வேலையும் எந்தக் கிழமையில் எத்தனை நிமிடத்தில் முடியும் என்பதையும் காட்டும் அட்டவணை ஆகும். பல பேர் பணிபுரியும் நிறுவனங்களில் இது யார் எதைச் செய்வது என்று பங்கிட உதவுகிறது. முழுநேர வேலையில் இருந்துகொண்டு ஒருவரே நடத்தும் அலைவரிசையில் பங்கிட ஆள் இல்லை. அங்கே பங்கிடப்படுவது நேரம் மட்டுமே. ஆகவே தனிநபர் நாட்காட்டியை ஒரு வரவு செலவுக் கணக்கு எனலாம்.

இக்கட்டுரை ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டு அந்தக் கணக்கை விளக்குகிறது. ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் பணிபுரியும் ஒருவர், தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புக் கணிதப் பாடத்தை யூடியூபில் நடத்துகிறார் என்று கொள்வோம். வாரம் ஒரு காணொளி, ஒவ்வொன்றும் சுமார் 10 நிமிடம், வெள்ளி மாலை 7 மணிக்கு வெளியீடு என்பது அவர் திட்டம். அலுவலகம் திங்கள் முதல் வெள்ளி வரை. வீடு வந்துசேர மாலை ஏழு மணி ஆகிறது.

## நேரக் கணக்கு

முதலில் வரவைக் கணக்கிட வேண்டும். சாப்பாடு, வீட்டு வேலை, உறக்கம் ஆகியவற்றைக் கழித்தபின் இவருக்கு வேலைநாள் இரவுகளில் தலா 1 மணி, சனிக்கிழமை காலை 2 மணி, ஞாயிற்றுக்கிழமை 3 மணி கிடைக்கின்றன. மொத்தம் வாரத்துக்கு 10 மணி. இதில் முக்கால் பங்கை, அதாவது ஏழரை மணி நேரத்தை (450 நிமிடத்தை) மட்டுமே திட்டத்தில் எழுத வேண்டும். மின்தடை, விருந்தினர் வருகை, அலுவலகத்தில் கூடுதல் நேரம் ஆகியவை எல்லா வாரமும் ஏதோ ஒரு வடிவில் வந்தே தீரும். பத்து மணியையும் நிரப்பி எழுதிய நாட்காட்டி முதல் மின்தடையிலேயே பின்தங்கிவிடும்.

அடுத்தது செலவு. 10 நிமிடப் பாடக் காணொளி ஒன்றுக்கு இவருக்கு ஆகும் நேரம்:

| வேலை | நிமிடம் |
|---|---|
| பாட உரை எழுதுதல் | 90 |
| கணக்குகளைத் தனித்தாளில் போட்டுச் சரிபார்த்தல் | 30 |
| ஒளிப்பதிவு (விளக்கு, ஒலிவாங்கி அமைக்கும் 25 நிமிடம் உட்பட) | 75 |
| தொகுப்பு | 150 |
| முகப்புப் படம், தலைப்பு, விவரக்குறிப்பு | 45 |
| பதிவேற்றி முழுவதும் பார்த்தல் | 30 |
| மாணவர் கேள்விகளுக்குப் பதில் | 30 |
| மொத்தம் | 450 |

இந்த எண்கள் ஆளுக்கு ஆள் மாறும். முதல் மூன்று காணொளிகளைத் தயாரிக்கும்போது ஒவ்வொரு வேலையும் தொடங்கிய நேரத்தையும் முடிந்த நேரத்தையும் ஒரு நோட்டில் குறித்துக்கொண்டால் அவரவர் எண் கிடைத்துவிடும். மனக்கணக்கு இதற்கு உதவாது. பெரும்பாலோர் ஒளிப்பதிவைத்தான் வேலை என்று எண்ணுகிறார்கள். மேலுள்ள பட்டியலில் அது மொத்த நேரத்தில் ஆறில் ஒரு பங்கு மட்டுமே.

செலவு 450 நிமிடத்தைத் தாண்டினால் மூன்று வழிகள் உள்ளன: காணொளியின் நீளத்தைக் குறைக்கலாம், தொகுப்பை எளிதாக்கலாம், அல்லது இரு வாரத்துக்கு ஒன்று என்று மாற்றலாம். உறக்கத்திலிருந்து எடுத்து ஈடுகட்டுவது வழியாகாது. அது மறுநாள் அலுவலக வேலையில் பிழையாக வெளிவரும்.

## வாரத்தின் அமைப்பு

| கிழமை | வேலை | நிமிடம் |
|---|---|---|
| திங்கள் | உரை எழுதுதல் | 60 |
| செவ்வாய் | உரையை முடித்தல், கணக்குச் சரிபார்ப்பு | 60 |
| புதன் | சென்ற வாரம் தொகுத்ததைப் பதிவேற்றிப் பார்த்தல் | 30 |
| வியாழன் | ஓய்வு | 0 |
| வெள்ளி | வெளியீடு. கேள்விகளுக்குப் பதில் | 30 |
| சனி | ஒளிப்பதிவு, முதல் வெட்டு | 120 |
| ஞாயிறு | தொகுப்பு, முகப்புப் படம், தலைப்பு | 150 |

வேலைகள் இந்த வரிசையில் அமைந்ததற்குக் காரணங்கள் உண்டு. உரை எழுதுவதற்குத் தேவை ஒரு மேசையும் தாளும்தான். வீட்டில் தொலைக்காட்சி ஓடினாலும் எழுதலாம். ஒளிப்பதிவுக்கு அமைதி வேண்டும். சனிக்கிழமை விடியற்காலையில் அது கிடைக்கும். தொகுப்பை இடையில் விட்டுவிட்டு மறுநாள் தொடர்ந்தால், எங்கே வெட்டினோம் என்பதைக் கண்டுபிடிக்கவே நேரம் போகும். அதனால் அதற்கு ஞாயிற்றுக்கிழமையின் நீண்ட பொழுது ஒதுக்கப்படுகிறது.

ஒரு காணொளியின் வேலை ஒரே வாரத்துக்குள் முடிவதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். திங்களன்று எழுதத் தொடங்கிய பாடம் ஞாயிறன்று தொகுக்கப்படுகிறது. அடுத்த புதனன்று பதிவேற்றப்பட்டு, மிக விரைவில் என்றாலும் 12-ஆம் நாளான வெள்ளியன்றுதான் வெளியாகும். காலை இட்லிக்கு முந்தின மாலையே மாவு அரைத்து வைப்பது போன்ற ஏற்பாடு இது. எழுதிய வாரத்திலேயே வெளியிட முயல்பவர் வியாழன் இரவு கண் விழித்துத் தொகுக்க வேண்டியிருக்கும்.

எந்த வாரத்திலும் குறைந்தது இரண்டு காணொளிகள் வெவ்வேறு நிலையில் இருப்பதால், கிழமை அட்டவணையுடன் இன்னொரு தாளும் தேவை. அதில் ஒவ்வொரு காணொளிக்கும் ஒரு வரிசை. எழுதியது, பதிந்தது, தொகுத்தது, ஏற்றியது, வெளியீட்டு நாள் என ஐந்து கட்டங்கள். முடிந்த கட்டத்தில் தேதியைக் குறித்தால் போதும். நோட்டுப் புத்தகமோ கணினி விரிதாளோ எதுவும் இதற்கு ஏற்றதே.

## புதன்கிழமைச் சரிபார்ப்பு

யூடியூப் ஸ்டுடியோவில் காணொளியை ஏற்றும்போது `Visibility` என்ற கடைசிப் பக்கத்தில் `Schedule` என்பதைத் தேர்ந்து, வெளியீட்டுத் தேதியையும் நேரத்தையும் கொடுக்கலாம். அந்த நேரம் வரும்வரை காணொளி பிறர் கண்ணுக்குத் தெரியாமல் `Private` நிலையில் இருக்கும். வெள்ளி மாலை 7 மணிக்கு இவர் பேருந்தில் இருந்தாலும் காணொளி தானே வெளியாகிவிடும். ஏற்றியவுடன் குறைந்த தெளிவுள்ள படிவமே முதலில் ஆயத்தமாகும். உயர்தெளிவுப் படிவத்துக்கு மேலும் நேரம் பிடிக்கும். கரும்பலகை எழுத்து தெளிவாகத் தெரிய வேண்டிய கணிதப் பாடத்தில் இரண்டு நாள் முன்னதாக ஏற்றுவதற்கு இதுவும் ஒரு காரணம். 15 நிமிடத்துக்கு மேற்பட்ட காணொளியை ஏற்றவும், சொந்தமாகச் செய்த முகப்புப் படத்தை இடவும் அலைவரிசைக் கணக்கைத் தொலைபேசி எண்ணால் சரிபார்த்திருக்க வேண்டும். இதை முதல் காணொளிக்கு முன்பே செய்துவிடுவது நல்லது.

புதன்கிழமையின் முதன்மையான பயன் பிழை திருத்தம். யூடியூபில் ஏற்றிய காணொளியின் கோப்பை, முகவரி மாறாமல் வேறொரு கோப்பால் மாற்ற இயலாது. ஒரு பகுதியை வெட்டி நீக்கலாமே தவிர, திருத்திய பகுதியை நுழைக்க முடியாது. எடுத்துக்காட்டாக, இருபடிச் சமன்பாட்டுப் பாடத்தில் x² − 5x + 6 = 0 என்பதை (x − 2)(x − 3) = 0 என்று சரியாகக் காரணிப்படுத்திவிட்டு, மூலங்களை −2, −3 என்று பலகையில் எழுதிவிட்டதாகக் கொள்வோம். புதனன்று இது தெரிந்தால் அந்தக் கோப்பை நீக்கி, வியாழன் ஓய்வு நேரத்தில் திருத்தி, மீண்டும் ஏற்றலாம். யாருக்கும் இழப்பில்லை. வெள்ளி இரவு ஒரு மாணவர் சுட்டிக்காட்டிய பிறகு தெரிந்தால், நீக்கினால் பார்வைகளும் கேள்விகளும் பகிரப்பட்ட இணைப்பும் போய்விடும். நீக்காவிட்டால் தவறான விடை நிலைத்திருக்கும். கருத்துப் பகுதியின் தலைப்பில் திருத்தத்தைப் பொருத்தி வைப்பதைத் தவிர வேறு வழியில்லை. பல மாணவர்கள் அதைப் படிக்காமலே விடையை நோட்டில் எழுதிக்கொள்வார்கள்.

சரிபார்க்கும்போது தொகுப்புக் கணினியில் பார்க்காமல் கைப்பேசியில், கையில் பேனாவுடன், ஒவ்வொரு கணக்கையும் மாணவரைப் போல எழுதிக்கொண்டே பார்க்க வேண்டும். சிறிய திரையில் படிக்க முடியாத எழுத்தும், சொல்லாமல் தாண்டிய படியும் அப்போதுதான் தென்படும்.

வெள்ளி மாலை என்ற வெளியீட்டு நேரம், அடுத்த இரு நாட்கள் மாணவர்களுக்கு ஓய்வு என்பதால் தேர்ந்தது. வெளியிடும் மணிநேரம் ஒரு காணொளியின் நீண்டகாலப் பார்வையை நேரடியாகப் பாதிப்பதாகத் தெரியவில்லை என்பதே யூடியூபின் விளக்கம். எனவே மணிநேரத்தைப் பற்றிக் கவலைப்படுவதைவிட, மாணவர் எதிர்பார்க்கும் கிழமை மாறாமல் பார்த்துக்கொள்வதே தேவை.

## கையிருப்பு

மேற்கண்ட அட்டவணைப்படி வாரம் ஒரு காணொளி தயாராகிறது. வாரம் ஒன்று செலவாகிறது. வரவும் செலவும் சமமாக இருக்கும் கணக்கில் சேமிப்பு ஒருபோதும் வளராது. ஆகவே கையிருப்பை அலைவரிசை தொடங்குவதற்கு முன்பே உண்டாக்க வேண்டும். இவர் ஜூன் மாதத்தில் முதல் பாடத்தை வெளியிட எண்ணினால் மே மாதத்தில் மூன்று பாடங்களை முடித்து வைக்கிறார்.

கையிருப்பின் எண்ணிக்கையே நாட்காட்டியின் உடல்நிலையைக் காட்டும் வெப்பமானி. மூன்று அல்லது இரண்டு இருந்தால் கவலையில்லை. ஒன்றுக்கு இறங்கினால் அடுத்த பாடத்துக்குப் பதில் ஒரு *குறுங்கணக்கு*, அதாவது ஒரே ஒரு கணக்கைத் தீர்க்கும் 3 நிமிடக் காணொளி, போட வேண்டும். எதுவும் இல்லை என்றால் அந்த வெள்ளியை விட்டுவிட்டு, அடுத்த பாடம் எப்போது என்று ஒரு வரி அறிவிப்பு இடுவது மேல். அவசரத்தில் செய்த பாடத்தில் புதன்கிழமைச் சரிபார்ப்புதான் முதலில் விடுபடும்.

குறுங்கணக்குக்கு ஆகும் நேரம் 110 நிமிடம்: எழுதவும் சரிபார்க்கவும் 20, பதிய 15, தொகுக்க 40, முகப்புப் படத்துக்கும் தலைப்புக்கும் 20, ஏற்றிப் பார்க்க 15. பதிய 15 நிமிடம் போதுமானது ஏனெனில் சனிக்கிழமைப் பாடத்துக்கு அமைத்த விளக்கும் ஒலிவாங்கியும் அப்படியே இருக்கும்போது அதையும் பதிந்துவிடுகிறார். திட்டத்தில் எழுதாமல் விட்ட 150 நிமிடத்துக்குள் இது அடங்கும். ஆனால் மாதத்தில் ஒரு வாரம் மட்டுமே அந்த ஒதுக்கீட்டைத் தொட வேண்டும்.

## வேலையின் சுழற்சியும் பள்ளியின் சுழற்சியும்

எல்லா வாரமும் ஒன்றுபோல் இருப்பதில்லை. கணக்குப் பிரிவில் இருப்பவருக்கு மாதந்தோறும் சரக்கு சேவை வரிப் படிவங்கள் உண்டு; மாதத் தாக்கலில் ஜிஎஸ்டிஆர்-1 படிவத்துக்கு 11-ஆம் தேதி, ஜிஎஸ்டிஆர்-3பி படிவத்துக்கு 20-ஆம் தேதி. 11-ஐ ஒட்டிய இரவு போனால் வாரத்தின் ஒதுக்கீடு அதைத் தாங்கும். 20-ஐ ஒட்டிய வாரம் முழுவதும் எழுத முடியாது. எழுதாவிட்டால் சனியன்று பதிய எதுவும் இராது. எனவே அந்த வாரத்தை முன்கூட்டியே 'இளவாரம்' என்று குறித்துவிட வேண்டும். அதில் புதன்கிழமைச் சரிபார்ப்பும் வெள்ளிக்கிழமைப் பதில்களும் மட்டுமே நடக்கும். இதனால் மாதத்துக்கு மூன்று பாடங்களே தயாராகும். நான்காம் வெள்ளியைக் குறுங்கணக்கு நிரப்பும்.

ஆண்டுக் கணக்கு இதைவிடக் கடினமானது. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு மார்ச், ஏப்ரல் மாதங்களில் நடப்பதால் மாணவர்களுக்கு இந்த அலைவரிசை மிகத் தேவைப்படுவது பிப்ரவரியிலும் மார்ச்சிலும்தான். நிதியாண்டு மார்ச் 31-இல் முடிவதால் இவருக்கு அலுவலகத்தில் மூச்சு விட நேரமில்லாததும் அதே இரண்டு மாதங்கள். வாரந்தோறும் அந்தந்த வாரத்தை மட்டும் பார்த்துத் திட்டமிடுபவருக்கு இந்த மோதல் பிப்ரவரியில்தான் தெரியவரும். அப்போது செய்வதற்கு ஒன்றும் இராது. ஆகவே நாட்காட்டியைத் தேர்விலிருந்து பின்னோக்கி நிரப்ப வேண்டும்.

பத்தாம் வகுப்புக் கணிதப் பாடநூலில் உறவுகளும் சார்புகளும் என்பது முதல் புள்ளியியலும் நிகழ்தகவும் என்பது வரை 8 இயல்கள் உள்ளன. இயலுக்குச் சராசரியாக மூன்று பாடம் என்றால் 24 பாடங்கள். இயற்கணிதம் போன்ற பெரிய இயலுக்கு ஒன்று கூட்டி, சிறிய இயலில் ஒன்று குறைத்துக்கொள்ளலாம். ஜூன் முதல் டிசம்பர் வரை ஏழு மாதங்களில், மாதத்துக்கு மூன்றாக 21 பாடங்கள் தயாராகும். மே மாதத்தில் செய்த மூன்றையும் சேர்த்தால் 24. அதாவது டிசம்பர் இறுதியில் எல்லாப் பாடங்களும் தயாராகி, மூன்று பாடங்கள் வெளியிடாமல் கையில் இருக்கும்.

ஜனவரியில் அந்த மூன்றும் ஒரு குறுங்கணக்கும் வெள்ளிதோறும் வெளியாகின்றன. புதிய பாடம் எழுத வேண்டியதில்லை என்பதால் ஜனவரியின் மூன்று முழு வாரங்கள், அதாவது 22½ மணி நேரம், திருப்புதல் காணொளிகளுக்குக் கிடைக்கிறது. இரண்டு இயலுக்கு ஒன்று வீதம் நான்கு திருப்புதல்கள். பழைய உரைகளைச் சுருக்கி எழுதுவதால் ஒன்றுக்கு 5 மணி வீதம் 20 மணி நேரம் போதும். ஜனவரி முடிவதற்குள் நான்கையும் ஏற்றிச் சரிபார்த்து, பிப்ரவரி, மார்ச் மாதங்களில் இரு வாரத்துக்கு ஒன்று வெளியாகுமாறு தேதியிட்டு வைக்கிறார். அந்த இரண்டு மாதங்களில் இவருக்கு மீதமிருப்பது வெள்ளி இரவு அரை மணி நேரம் பதில் எழுதுவது மட்டும்.

இந்தக் கணக்குக்கு ஓர் எல்லை உண்டு. காய்ச்சலிலோ குடும்ப நிகழ்ச்சியிலோ ஆண்டின் நடுவே கையிருப்பு கரைந்து மீளாமல் போனால் ஜனவரி நேரம் பாடங்களுக்கே போய்விடும். அக்டோபர் இறுதியில் ஒருமுறை நின்று எண்ணிப் பார்க்க வேண்டும்: அதுவரை மே மாதத்தின் மூன்றையும் சேர்த்து 18 பாடங்கள் முடிந்திருக்க வேண்டும். 16 அல்லது அதற்குக் குறைவு என்றால், தேர்வில் எளிதாகத் தாமே படித்துக்கொள்ளக்கூடிய பகுதிகளின் பாடங்களை அப்போதே பட்டியலிலிருந்து நீக்கிவிடுவது சரி. திருப்புதல் காணொளிகளை நீக்கக் கூடாது. ஆண்டு முழுவதும் வந்த மாணவர் தேர்வுக்கு முன் தேடி வருவது அவற்றைத்தான்.

## பின்னடைவின் அறிகுறிகள்

தொகுப்பு நேரம் ஏறிக்கொண்டே போவது முதல் அறிகுறி. இதற்குக் காரணம் பெரும்பாலும் தொகுப்பில் இராது, உரையில் இருக்கும். 10 நிமிடக் காணொளிக்கு 20 முதல் 30 நிமிடம் பதிவாவது இயல்பு. 50 நிமிடம் பதிவானால் உரை முடியாமலே ஒளிப்பதிவுக்கு உட்கார்ந்திருக்கிறார் என்று பொருள். சரிசெய்ய வேண்டிய இடம் ஞாயிறு அல்ல, செவ்வாய்.

இரண்டாவது, ஒரே வேலை தொடர்ந்து மூன்று வாரம் அதன் கிழமையிலிருந்து நழுவுவது. ஒருமுறை நழுவினால் அது விபத்து. மூன்று முறை நழுவினால் அந்தக் கிழமை அந்த வேலைக்குப் பொருந்தவில்லை. திங்கள் இரவு களைப்பில் எழுத்து ஓடவில்லை என்றால் அதை விடியற்காலைக்கு மாற்றலாம்.

மூன்றாவது, அலைவரிசை வேலை அலுவலக நேரத்துக்குள் நுழைவது. மதிய இடைவேளையில் மாணவர் கேள்விகளுக்குப் பதில் எழுதுவதும், அலுவலக மடிக்கணினியில் தொகுப்பதும் இதன் தொடக்கம். பணி நியமனக் கடிதத்தில் பிற வருமானம் பற்றிய நிபந்தனை இருக்கிறதா என்று அலைவரிசை தொடங்கும் முன்பே பார்த்துவிட வேண்டும். அரசு ஊழியர்களுக்கு நடத்தை விதிகளே உண்டு. ஒன்றிய அரசு ஊழியருக்கு 1964-ஆம் ஆண்டின் விதிகளும், தமிழ்நாடு அரசு ஊழியருக்கு 1973-ஆம் ஆண்டின் விதிகளும் பொருந்தும். விளம்பர வருவாய் பெறும் எண்ணம் இருந்தால் முன் அனுமதியை எழுத்தில் பெற்றுக்கொள்வதே பாதுகாப்பு.